‘இதை இப்படி’ என்றால் எதை, எப்படி?

“இதைப் பிடிச்சு இப்படி மேல இழுங்க, வந்துடும். இப்ப இதை எடுத்து இது மேல இப்படி வச்சு, இப்படி அழுத்துங்க. டக்குனு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், பார்த்தீங்கல்ல?”

சமையல் காஸ் சிலிண்டர் மாற்றக் கற்றுத்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்தப் பாணியில்தான் பேசுகின்றன. பேசுகிறவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கையில் பொருள் இருக்கிறது, எதிரே கேமரா இருக்கிறது, பொருளுக்குப் பெயர் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. ஆனால் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இந்த நாலு வரியைக் கேட்டுப் பாருங்கள். எதைப் பிடிப்பது, எதன் மேல் எதை வைப்பது, எந்தப் பக்கம் அழுத்துவது? பார்வையற்ற ஒருவருக்கு இதில் மிஞ்சுவது அந்த ‘டக்’ மட்டும்தான். காது கேளாதவருக்கோ கை செய்வது எல்லாம் தெரியும், அந்த ‘டக்’ மட்டும் கிடைக்காது. ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதற்கு வீடியோ தருகிற ஒரே அடையாளம் அதுதான் என்பதால், அவருக்கும் பாடம் பாதியில் நின்றுபோகிறது.

நான் பயிற்சி வீடியோக்களுக்கு ஆடியோ டிஸ்கிரிப்ஷன் எழுதுகிறவன். தமிழில் இதைக் குரல் விவரிப்பு என்கிறோம். வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியில், திரையில் நடப்பதை இன்னொரு குரல் சுருக்கமாகச் சொல்வது. இது சினிமாவில் பிறந்ததல்ல, மேடையில் பிறந்தது. 1981இல் வாஷிங்டனில் அரீனா ஸ்டேஜ் என்ற அரங்கில் பெர்னார்ட் ஷாவின் ‘மேஜர் பார்பரா’ நாடகத்துக்கு, பார்வையற்றவரான மார்கரெட் ஃபான்ஸ்டீலும் பின்னாளில் அவர் கணவரான கோடியும் சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது, சினிமாவுக்கு வந்தது, ஓடிடி தளங்களுக்கு வந்தது.

இந்தியாவில் சட்டம் இதைப் பெயர் சொல்லியே கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்களில் குரல் விவரிப்பு, சைகை மொழி, எழுத்து வசனம் மூன்றுக்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. 2023 ஜனவரியில் ‘பதான்’ படம் வெளிவரும் நேரத்தில் டெல்லி உயர் நீதிமன்றம், ஓடிடி வெளியீட்டுக்கு இந்த வசதிகளைத் தயார் செய்யும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்கப் படங்களுக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஆக, பெரிய படங்களுக்கு ஒரு பாதை போடப்பட்டுவிட்டது. அடுத்த தெருக்காரர் எடுத்துப் போடும் சிலிண்டர் வீடியோவுக்கு அப்படி யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை. தனியாக வசிக்கும் ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு எது அவசரத் தேவை என்று கேட்டால், நான் சிலிண்டரைத்தான் சொல்வேன். அதனால் அந்த வீடியோவையே எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் சீர்செய்வது என்று பார்ப்போம்.

நீளம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12 விநாடி இசையும் தலைப்பும். பிறகு பேச்சு. 38ஆவது விநாடியில் அவர் வால்வின் மூடியைக் கழற்றுகிறார், ஐந்து விநாடி பேச்சில்லை. 58இல் ரெகுலேட்டரைப் பொருத்துகிறார், நாலு விநாடி பேச்சில்லை. ஒன்றரை நிமிடத்தில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார், பதினைந்து விநாடி முழுக்க இசை. கடைசி எட்டு விநாடியில் திரையில் ஓர் எண் வருகிறது: 1906. காஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய அவசர எண். அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

குரல் விவரிப்பு எழுதுகிறவர் முதலில் செய்வது இந்த இடைவெளிகளைக் கணக்கெடுப்பதுதான். எழுத உட்காருவதற்கு முன்பே எத்தனை சொல் செலவழிக்கலாம் என்று தெரிந்துவிட வேண்டும். தமிழில் நிதானமாக வாசித்தால் விநாடிக்கு இரண்டு சொல்தான் சுகமாக வரும். அதற்கு மேல் போனால் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடும். ஐந்து விநாடி இடைவெளி என்றால் பத்துச் சொல். அதிலும் ஒரு விநாடியைச் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்பதால் எட்டுச் சொல்தான் கணக்கு.

புதிதாக எழுத வருகிறவர் 38ஆவது விநாடிக்கு எழுதித் தருவது இப்படி இருக்கும்: “மஞ்சள் சுடிதார் அணிந்த அந்தப் பெண், புன்னகையுடன் குனிந்து, சிலிண்டரின் தலைப்பகுதியில் உள்ள வெள்ளை நிற பிளாஸ்டிக் மூடியில் கட்டப்பட்டுள்ள நைலான் கயிற்றைத் தன் வலது கையால் பிடித்து மேல்நோக்கி இழுக்கிறார்.” இருபத்து மூன்று சொல். வாசித்து முடிப்பதற்குள் மூடி கழன்று, அடுத்த பேச்சும் தொடங்கியிருக்கும். இதில் சுடிதாருக்கும் புன்னகைக்கும் வேலையே இல்லை. கதைப் படமாக இருந்தால் புன்னகைக்குப் பொருள் இருக்கலாம், சிலிண்டர் மாற்றுவதில் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். இத்தனை நீள வாக்கியத்தில் கேட்கிறவர் ‘இழுக்கிறார்’ என்ற சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே நிற்க வேண்டும். இப்படி மாற்றலாம்: “வால்வு மூடியில் நைலான் கயிறு. அதைச் செங்குத்தாக மேலே இழுக்கிறார்.” எட்டுச் சொல், இரண்டு துண்டு வாக்கியம். பொருள் என்ன என்பது முதலில் வந்துவிடுகிறது, செயல் அடுத்து வருகிறது. மிச்சமிருக்கும் ஒரு விநாடியில் மூடி கழலும் சத்தம் தானாகக் கேட்கும். அந்தச் சத்தத்தின் மேல் குரல் ஏறிவிடக் கூடாது. பார்வையற்ற நேயருக்கு விவரிப்பைவிட அசல் ஒலிதான் நம்பகமான சாட்சி.

58ஆவது விநாடியில் சிக்கல் பெரிது. ரெகுலேட்டர் பொருத்துவது நாலு விநாடியில் முடிந்துவிடுகிறது, ஆனால் சொல்ல வேண்டியது எட்டுச் சொல்லில் அடங்காது. “ரெகுலேட்டரின் அடியில் கறுப்பு வளையம். அதை மேலே தூக்கிப் பிடித்தபடி, ரெகுலேட்டரை வால்வின் மேல் நேராக வைக்கிறார். வளையத்தைக் கீழே அழுத்துகிறார்.” பதினாறு சொல், எட்டு விநாடி. இதற்கு மேல் குறைத்தால் ஆபத்து. இந்த மாதிரி இடத்தில் படத்தை நிறுத்திவிடுவார்கள். ரெகுலேட்டரைக் கையில் எடுத்த நொடியில் காட்சியை உறைய வைத்து, விவரிப்பு முடிந்ததும் மறுபடி ஓடவிடுவது. எந்த எடிட்டிங் செயலியிலும் ஒரு ஃபிரேமை இழுத்து நீட்டி இதைச் செய்யலாம். இந்தப் பதிப்பைத் தனி வீடியோவாக ஏற்றி, ‘குரல் விவரிப்புடன்’ என்று தலைப்பிலேயே குறிப்பிட்டுவிடலாம். நிறுத்திப் போடுவது பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் தனிப் பதிப்பு.

விவரிப்புக் குரல் வீடியோவில் பேசுகிறவரின் குரலிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். அவர் பெண் என்றால் இது ஆண் குரலாக இருப்பது எளிய வழி. ஒரே மாதிரிக் குரல்கள் என்றால் யார் பாடம் எடுக்கிறார், யார் விவரிக்கிறார் என்று கேட்கிறவர் குழம்புவார். நிறத்தைச் சொல்லலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். பார்வையற்றவர் என்று சான்றிதழ் வைத்திருக்கும் பலருக்கு ஓரளவு வெளிச்சமும் நிறமும் தெரியும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் கடைக்காரரிடம் “கறுப்பு வளையம் உடைஞ்சுபோச்சு” என்று சொல்ல அந்தச் சொல் வேண்டும். ஆனால் நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. பொருள் எங்கே இருக்கிறது, விரலுக்கு எப்படித் தட்டுப்படும் என்பதும் வேண்டும். ‘இந்தப் பக்கம் திருப்புங்க’ என்று குமிழைக் காட்டும் இடத்தில், ஆஃப் நிலையில் குமிழின் முனை எங்கே இருக்கிறது, ஆன் நிலையில் எங்கே போய் நிற்கிறது என்று சொன்னால்தான் விரலால் சரிபார்க்க முடியும்.

இவ்வளவு பாடுபட்ட பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வீடியோவுக்குக் குரல் விவரிப்பே தேவைப்பட்டிருக்காது. படம் பிடிக்கும்போதே அந்தப் பெண், “வால்வு மூடியில ஒரு நைலான் கயிறு இருக்கும், அதை நேரா மேல இழுங்க” என்று பேசியிருந்தால் வேலை முடிந்தது. சினிமாவில் கதாநாயகன் தான் செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய்ய முடியாது, அங்கே தனிக் குரல் கட்டாயம் வேண்டும். கற்றுத்தரும் வீடியோவில் பேசுகிறவரே விவரிக்கலாம். சர்வதேச இணைய அணுகல் விதிகளும் இதை ஏற்கின்றன: காட்சியில் உள்ள தகவல் எல்லாம் பேச்சிலேயே வந்துவிட்டால் தனி விவரிப்பு வேண்டாம். நான் எழுதித் தருகிற இடங்களில் இப்போது முடிந்த வீடியோவைக் கேட்பதில்லை, படப்பிடிப்புக்கு முந்தின நாள் ஸ்கிரிப்டைக் கேட்கிறேன். அதில் உள்ள இது, அது, இங்கே, அங்கே, இப்படி, அப்படி எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ திசையோ அளவோ எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

இனி அந்த ‘டக்’.

காது கேளாதவர்களுக்கான எழுத்து வசனம் என்பது பேச்சை மட்டும் எழுதுவதல்ல, பொருளுள்ள சத்தத்தையும் எழுதுவது. தனிக் கோப்பாகத் தயாரித்தால் அது இப்படி இருக்கும்:

```
WEBVTT

00:58.000 --> 01:01.500
வளையத்தை விட்டுவிட்டுக்
கீழே அழுத்துங்கள்.

01:01.600 --> 01:03.500
[‘டக்’ என்ற சத்தம்]
```

சாதாரண நோட்பேடில் எழுதி `.vtt` என்ற பெயரில் சேமிக்கலாம். சேமிக்கும்போது `UTF-8` என்று இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரும். விநாடிக்கும் அதன் பின்னத்துக்கும் நடுவில் இங்கே புள்ளி, `.srt` கோப்பில் காற்புள்ளி. இரண்டையும் மாற்றிப் போட்டால் அந்த வரி திரையில் வராமலே போகலாம். கோப்பு ஏறிவிட்டது, எழுத்து மட்டும் காணோம் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் ‘டக் என்ற சத்தம்’ என்று எழுதிவிட்டால் மட்டும் போதுமா? வீடியோவில் சத்தம் வந்தது என்று காது கேளாதவருக்குத் தெரியும். தன் வீட்டில், தன் கையில், அது வந்ததா என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? எழுத்து வசனத்தால் தீராத குறை இது, பாடத்திலேயே உள்ள குறை. பொருத்திய ரெகுலேட்டரை லேசாக மேலே இழுத்துப் பார்த்தால் போதும், கையோடு வராவிட்டால் அது உட்கார்ந்துவிட்டது. இந்த ஒரு வரியைப் பேச்சில் சேர்த்தால் கண் தெரியாதவர், காது கேளாதவர் இருவருக்கும் ஒரே சமயத்தில் பயன்படும், ஏனென்றால் இருவருக்கும் விரல் பொது. வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்ப்பதோடு, சுண்டுவிரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். கசிவு விஷயத்தில் நிலைமை வேறு. சோப்பு நுரையில் குமிழ் வருவது கண்ணுக்கு மட்டும். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் காதுக்கு மட்டும். காஸில் வேண்டுமென்றே கலந்திருக்கும் அந்த நாற்றம் இருவருக்கும். பதினைந்து விநாடி இசை ஓடும் அந்தக் காட்சியில் இந்த மூன்றையும் வாயால் சொல்ல இடம் தாராளமாக இருக்கிறது. அங்கே இசை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்து கடைசி எட்டு விநாடி. சமையலறைச் சுவரின் வெள்ளை டைல்ஸ் மேல், பளிச்சென்ற மஞ்சளில் ‘கசிவா? 1906’ என்று எழுத்து வருகிறது. போட்டவருக்கு அது எடுப்பாகத்தான் தெரிந்திருக்கும். கண்புரை உள்ள ஒரு பெரியவர் அதை வெறும் சுவர் என்றே நினைப்பார்.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கிறார்கள். கறுப்பின் மேல் வெள்ளை என்றால் 21க்கு 1. அதற்கு மேல் போக முடியாது. இரண்டும் ஒரே வெளிச்சம் என்றால் 1க்கு 1, எழுத்தே தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்பது இணைய அணுகல் விதி. இந்த 4.5 வானத்திலிருந்து குதித்த எண் அல்ல. சரியான பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்று பழைய தரநிலைகள் சொல்லின. வயதான காலத்தில் பலருக்கும் இருக்கும் சுமாரான பார்வைக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கணக்கிட்டு 4.5 என்று வைத்தார்கள். நம் வீடியோவின் முழு மஞ்சளை முழு வெள்ளை மேல் வைத்தால் கிடைப்பது 1.07. கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குச் சமம். அதே மஞ்சளைக் கறுப்பின் மேல் வைத்தால் 19க்கு மேல். தவறு மஞ்சளில் இல்லை.

இந்தக் கணக்கில் நிறத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் மட்டும்தான் எண்ணப்படுகிறது. பச்சை மேல் சிவப்பு நம் கண்ணைப் பறிக்கும், ஆனால் விகிதம் 3ஐக்கூடத் தொடாது. நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகும். வீடியோவில் இதற்கு இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் சேர்கிறது. இணையத்தில் ஓடும் வீடியோக்களில் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, வெளிச்சத்தை முழு நுணுக்கத்துடன் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துச் சேமிக்கிறார்கள். நிறத்தால் மட்டும் பிரிந்து நிற்கும் எழுத்தின் ஓரங்கள் அதனால் கரைந்து வழிகின்றன. கணினியில் எடிட் செய்யும்போது கூர்மையாக இருந்த சிவப்பு எழுத்து, ஏற்றிய பிறகு ஈரத்துணியில் எழுதியது போலத் தெரிவது இதனால்தான்.

தமிழ் எழுத்துக்கு இது கூடுதல் தொல்லை. வெளிச்ச வேறுபாடு குறையும்போது முதலில் மறைவது புள்ளி. அடுத்து மெல்லிய கொம்புகளும் விலங்குச் சுழிகளும். ‘பட்டம்’ ‘படம்’ ஆகாவிட்டாலும், ‘ட்ட’ ‘டட’ என்று நிற்கும், வாசிக்கிறவர் ஊகித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அழகுக்காகத் தேர்ந்தெடுக்கும் மெல்லிய எழுத்துருக்களில் புள்ளி ஒரு தூசி அளவுதான். கைப்பேசியில் வீடியோ சின்னதாக ஓடும்போது அந்தத் தூசியும் போய்விடும். தடித்த எழுத்துருவே எடுங்கள்.

வீடியோவில் பின்புலம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி சிவப்பு சிலிண்டர், அடுத்த நொடி வெள்ளைச் சுவர். எந்த நிற எழுத்து போட்டாலும் எங்காவது ஓரிடத்தில் அது முழுகும். அதனால்தான் எழுத்தின் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையையும் கண்ணாடி மாதிரி மெலிதாகப் போடத்தான் பலர் விரும்புகிறார்கள், படம் மறையக் கூடாது என்று. எவ்வளவு மெலிதாகப் போகலாம்? மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம்: பின்னால் முழு வெள்ளைச் சுவர், மேலே வெள்ளை எழுத்து. பட்டையின் அடர்த்தி 50 சதவீதம் என்றால் சுவர் தெரிந்து, பட்டை நடுத்தரச் சாம்பல் ஆகிவிடும். விகிதம் 4. தேறவில்லை. 75 சதவீதம் என்றால் அடர்ந்த சாம்பல், விகிதம் 10ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான எடிட்டிங் செயலிகளில் இது ஒரே ஒரு கோலை இழுக்கும் வேலை. உங்கள் வீடியோவில் எவ்வளவு என்று பார்க்க, மிக வெளிச்சமான காட்சியில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் `WebAIM Contrast Checker` போன்ற கருவியில் இரண்டு நிறத்தையும் கொடுத்தால் விகிதம் வந்துவிடும். கருவி வேண்டாம் என்றால் கைப்பேசியைக் கறுப்பு வெள்ளை முறைக்கு மாற்றி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மொட்டை மாடி வெயிலில் நின்று பாருங்கள். அங்கே வாசிக்க முடிந்தால் பெரும்பாலும் எங்கேயும் வாசிக்க முடியும்.

எத்தனை நன்றாக எழுதினாலும் 1906ஐ வாயால் சொல்லவில்லை என்றால் பார்வையற்றவருக்கு அது இல்லை. திரையில் வரும் எந்த எண்ணையும் ஒருவர் உரக்கச் சொல்லியே ஆக வேண்டும்.

காண்பதில் உள்ள இந்த வேறுபாட்டு விதி கேட்பதிலும் அப்படியே இருக்கிறது. முழுக்கக் காது கேளாதவரைவிட, ஓரளவு கேட்கிறவர்களே எண்ணிக்கையில் அதிகம். வயதால் வரும் குறைபாட்டில் முதலில் போவது மெல்லிய, கீச்சான ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், ச, ஸ, த, ட போன்ற மெய்கள் தேயும். ‘சத்தம் வருது, என்ன சொல்றாங்கன்னு புரியலை’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். காதில் கருவி மாட்டினாலும் முழுத் தீர்வு இல்லை. கருவி பேச்சோடு சேர்த்துப் பின்னணி இசையையும், எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சலையும் பெருக்கிக் கொடுக்கும். அதனால் பேச்சைவிடப் பின்னணி ஒலி குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது விதி. எடிட்டிங் செயலியின் ஒலிமானியில் பேச்சு மைனஸ் 10ஐத் தொட்டால், இசை மைனஸ் 30க்குக் கீழே கிடக்க வேண்டும். சாதாரணக் காதுக்கு அந்த இசை மிக மெலிதாகத்தான் கேட்கும். அப்படியென்றால் எதற்கு அந்த இசை என்று எடிட்டர் கேட்டால், நியாயமான கேள்விதான். ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டைக் காலரில் மைக் மாட்டிப் பேசினால் இதில் பாதிப் பிரச்சினை வரவே வராது. முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாமல் இருந்தால், உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கும் வழி கிடைக்கும்.

சரிபார்ப்பதை நானே செய்யலாம், செய்கிறேன். ஒரு முறை திரையை மூடிவிட்டுக் கேட்பேன், ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஆனால் அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. படத்தை ஏற்கெனவே பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டாலும், நினைவிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அதனால் பார்வையற்ற ஆசிரியை ஒருவரிடம் வரைவைக் கேட்கக் கொடுப்பது என் வழக்கம். சிலிண்டர் வரைவைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ரெண்டு சிலிண்டர் பக்கத்துல பக்கத்துல இருக்கே சார், அவங்க இப்போ எதுல கை வைக்கிறாங்க? காலியிலயா, புதுசுலயா?” முதல் 12 விநாடி இசைக்கு நான் எழுதியிருந்தது சமையலறையின் அழகைப் பற்றி. அதை அடித்துவிட்டு எழுதினோம்: “மேடைக்கு அடியில் இரண்டு சிலிண்டர்கள். இடது பக்கம் காலி, ரெகுலேட்டர் அதில் இருக்கிறது. வலது பக்கம் புதியது, மூடி திறக்கவில்லை.” பதினைந்து சொல். ஏழரை விநாடியில் முடிந்துவிடும். இன்னும் நாலரை விநாடி மீதி.

அந்த மீதியில் சோதனைத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவரே கேட்டார். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் B-27 என்பது போலப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். ஆங்கில எழுத்து காலாண்டைக் குறிக்கும், எண் ஆண்டை. B-27 என்றால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரை. அதைத் தொட்டுப் படிக்க முடியாது, குரல் விவரிப்பாலும் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது. சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் அந்த எழுத்தைப் படித்துச் சொல்லும்படி கேளுங்கள் என்று பேச்சில் ஒரு வரி சேர்க்கலாம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த மாதிரி வீடியோக்கள் யூடியூபில் ஓடுவதைவிட வாட்ஸ்அப் குழுக்களில்தான் அதிகம் சுற்றுகின்றன. தனிக் கோப்பாகப் போட்ட எழுத்து வசனம் அங்கே கூடவே போகாது, பார்க்கிறவர் தனக்கு ஏற்றபடி எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது. அதற்கென்று எழுத்தைப் படத்திலேயே பதித்த ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரதியில் பட்டையை வழக்கம்போலத் திரையின் அடியில் போட்டால் வால்வும் கையும் சரியாக அதன் பின்னால் மறைந்துவிடும். மேலே போடுங்கள்.